அறைக்குள் சரியாக இருக்கிற ஃபவுண்டேஷன் வெளியே போனால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது: மாநிறத்துக்கு எந்த வெளிச்சத்தை நம்பி ஷேடு எடுப்பது?

கார்த்திகைப்பூ
எனக்கு நடுத்தர மாநிறம், கொஞ்சம் கருப்புப் பக்கம். இப்போது போடுகிற ஃபவுண்டேஷனில் "நியூட்ரல்" என்று எழுதியிருக்கிறது. வீட்டில் கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பல்பு. அங்கே பார்த்தால் முகமும் கழுத்தும் ஒரே நிறம், கோடே தெரியாது. அதே முகத்தோடு வெளியே வந்து கைப்பேசியில் பார்த்தால் கன்னமும் நெற்றியும் சாம்பல் பூசிய மாதிரி, கழுத்து மட்டும் என் நிறத்தில். மேகமூட்டமான நாளில் இன்னும் மோசம். அலுவலக ட்யூப்லைட்டில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

ஷேடு தப்பா, அண்டர்டோன் தப்பா, இல்லை விளக்குதான் ஏமாற்றுகிறதா? ஒரு ஷேடு கருப்பாக எடுத்தால் சரியாகுமா?

மஞ்சள்வெயில்
உங்களுக்கு வார்ம் ஷேடுதான் வேண்டும். மணிக்கட்டு நரம்பைப் பாருங்கள். பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல். மாநிறம் என்றாலே வார்ம்தான், நியூட்ரல் எடுத்தால் இப்படித்தான் சாம்பலாகும். நான் எப்போதும் கோல்டன் என்று எழுதியதை மட்டும்தான் எடுப்பேன்.

நிறக்கலவை
முடிவில் மஞ்சள்வெயில் சொன்னது கார்த்திகைப்பூவுக்குப் பொருந்தக்கூடும், ஆனால் அங்கே போன வழி சரியில்லை. நம் தோலில் மெலனின் அதிகம், அது நீல ஒளியை நிறைய விழுங்கிவிடும். அதன் வழியாக நரம்பைப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்குப் பச்சையாகத்தான் தெரியும். அதனால் மாநிறத்தில் அந்தச் சோதனை கிட்டத்தட்ட எல்லோரையும் வார்ம் என்று சொல்லிவிடுகிறது. சிவப்பு ஓடுகிற மாநிறம் உண்டு, பச்சை ஓடுகிற ஆலிவ் மாநிறம் உண்டு, நிஜமாகவே நியூட்ரலும் உண்டு. கோல்டன் போட்டு முகம் ஆரஞ்சாகிப் போனவர்கள் இந்த மூன்றில் ஒன்றாக இருப்பார்கள்.

கார்த்திகைப்பூ, முதலில் இரண்டு கேள்வி. போட்ட உடனே வெளியே போனாலும் சாம்பலா, இல்லை சில மணி நேரம் கழித்தா? அடியில் சன்ஸ்க்ரீன் போடுகிறீர்களா? போட்டால், அது தனியாகவே வெள்ளை படிகிற வகையா?

கார்த்திகைப்பூ
உடனே போனாலும் அப்படித்தான். சன்ஸ்க்ரீன் போடுகிறேன், லேசாக வெள்ளை படியும். ஆனால் மஞ்சள் பல்பில் அந்த வெள்ளையும் தெரியாது.

நிறக்கலவை
அந்தக் கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஃபவுண்டேஷன் நிறம் பெரும்பாலும் நான்கு பொடிகளால் வருவது. டைட்டானியம் டையாக்சைடு வெள்ளை, அப்புறம் மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்சைடுகள். பாட்டிலின் பின்னால் 77891, 77492, 77491, 77499 என்று இருக்கும் எண்கள் இவைதான், அதே வரிசையில். வெள்ளைப் பொடி எல்லா நிற ஒளியையும், நீலம் உட்பட, நன்றாகத் திருப்பி அனுப்பும். உங்கள் தோல் நீலத்தை விழுங்கும். அப்படியென்றால் வெள்ளை கூடிய ஃபவுண்டேஷனுக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அதிகமாகத் தெரிவது நீல ஒளியில்தான்.

மஞ்சள் பல்பில் நீலம் மிகக் குறைவு. வித்தியாசத்தைக் காட்டுகிற ஒளியே அங்கே இல்லை, அதனால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. மேகமூட்டத்திலும் நிழலிலும் நீலம் நிறைய, அங்கே சாம்பல் வெளியே வந்துவிடும். விளக்கு ஏமாற்றவில்லை, பாதியை மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியாது. சன்ஸ்க்ரீனிலிருந்தும் வரலாம், அதிலும் டைட்டானியம் டையாக்சைடோ ஜிங்க் ஆக்சைடோ இருக்கலாம். ஒரு நாள் முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் சன்ஸ்க்ரீன் போட்டு, இரண்டு பாதிக்கும் ஃபவுண்டேஷன் போட்டு ஜன்னலருகே பாருங்கள். அதற்கு முன்னால் புது ஷேடு வாங்க வேண்டாம்.

புதுசு_இங்கே
எனக்கும் இதே பிரச்சினை! வாயைச் சுற்றியும் நெற்றி ஓரத்திலும் கருப்பு, கன்னம் மட்டும் வெளிர். கன்னத்துக்கு ஷேடு எடுத்தால் வாயைச் சுற்றி சாம்பலாகிறது. இதற்கு எந்த பல்பு மாட்டினால் நல்லது?

ஒப்பனைக்காரி
உங்களுடையது வேறு கதைம்மா, பல்பு மாற்றித் தீராது. மாநிறத்தில் முகத்து ஓரம் நடுவைவிடக் கருப்பாக இருப்பது மிகவும் சகஜம். கன்னத்தின் நடுவுக்கு மேட்ச் பண்ணாதீர்கள். தாடை ஓரம், காதுக்குக் கீழே, கழுத்து மூன்றும் சேருகிற இடத்துக்கு எடுங்கள். வாயைச் சுற்றி முதலில் பீச் அல்லது ஆரஞ்சு கரெக்டரை மிக மெல்லிசாக வைத்து, அதன் மேல் அதே ஃபவுண்டேஷன். தோல் எவ்வளவு கருப்போ அவ்வளவு ஆரஞ்சுப் பக்கம் போகலாம். கருப்பு இடத்தை மறைக்கிறேன் என்று வெளிர் ஷேடை அப்பினால்தான் சாம்பல் வரும்.

கார்த்திகைப்பூ, நான் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். என் கருத்து கொஞ்சம் வேறு. எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்களோ அந்த வெளிச்சத்துக்குத்தான் மேட்ச் பண்ண வேண்டும். இரவு வரவேற்புக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஷேடு பார்த்து என்ன பயன்?

நிறக்கலவை
ஒரே இரவுக்கு என்றால் ஒத்துக்கொள்கிறேன். தினமும் போடுகிறவருக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது. அதில் பொருந்திய ஷேடு மஞ்சள் பல்பில் பெரும்பாலும் பொருந்தும். மஞ்சள் பல்பில் பொருந்தியது பகலில் பொருந்தும் என்று சொல்லவே முடியாது. அதற்குச் சாட்சி கார்த்திகைப்பூவின் முகம்.

விளக்கடி
நான் மேக்கப் ஆள் இல்லை, விளக்கு அமைப்பு வேலை. எதிர்ப்பக்கத்து ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மலிவான வெள்ளை எல்இடியில் ஆழமான சிவப்பு குறைவாக இருக்கும். பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள், விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான எண். அது வெளிர்ந்த 8 நிறங்களின் சராசரி, அதில் அடர்சிவப்புக்கு இடமே இல்லை. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, 80 சிஆர்ஐ விளக்கிலும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். அப்படிப்பட்ட 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை விளக்கின் கீழ் சிவப்பு ஓவரான ஃபவுண்டேஷன் அடக்கமாகத் தெரியும். வெயிலில் வந்தால் செங்கல் நிறத்தில் நிற்கும். மஞ்சள் பல்பு சாம்பலை மறைக்கிறது, மட்டமான வெள்ளை விளக்கு ஆரஞ்சை மறைக்கிறது.

வீட்டில் ஒரு விளக்கு மாற்றுவதென்றால் 4000 முதல் 5000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல், ஆர்9 எண்ணையும் வெளியிடுகிற தயாரிப்பாகப் பாருங்கள். தலைக்கு மேலே மாட்டாமல் கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் மாட்டுங்கள். மேலே இருந்து மட்டும் விழுந்தால் தாடைக்குக் கீழே நிழல் விழும், கழுத்தோடு ஒப்பிடவே முடியாது.

சாந்துப்பொட்டு
ஜன்னலருகே என்கிறீர்களே, எந்த நேரம்? என் அறை ஜன்னலில் சாயங்காலம் நேர் வெயில் அடிக்கும். அப்போது எதைப் போட்டாலும் தங்கமாக ஜொலிக்கிறது.

நிறக்கலவை
அந்த நேரத்தில் பார்க்காதீர்கள், சாயங்கால வெயிலும் மஞ்சள் பல்பு செய்கிற வேலையைத்தான் செய்யும். காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று மணிக்குள், வெயில் நேராக முகத்தில் படாத ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிற மேலாடை போதும். பச்சைச் சுவரும் சிவப்பு துப்பட்டாவும் தாடைக்குக் கீழே தன் நிறத்தைப் பூசிவிடும், அண்டர்டோன் பார்க்கிற இடமே அதுதான்.

கார்த்திகைப்பூ
பாதி முகச் சோதனை செய்துவிட்டேன். சன்ஸ்க்ரீன் போடாத பாதி கொஞ்சம் தேவலை, ஆனால் அங்கேயும் சாம்பல் இருக்கிறது. சன்ஸ்க்ரீன் பங்கு உண்டு, முழுக்காரணம் அது இல்லை.

நிறக்கலவை
நல்லது. இப்போது கருமையையும் அண்டர்டோனையும் பிரித்துப் பார்க்க வேண்டும். "ஒரு ஷேடு கருப்பாக எடுத்தால் சரியாகுமா" என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில் தரும்.

உங்கள் ஃபவுண்டேஷன் வரிசையிலேயே மூன்று மாதிரி வாங்குங்கள். ஒன்று இப்போதைய நியூட்ரல். இரண்டாவது அதே அளவு கருமையில் கோல்டன். மூன்றாவது ஒரு படி கருமையான கோல்டன். நீங்கள் வழக்கமாகப் போடுகிற சன்ஸ்க்ரீன் போட்டு, அது படிந்ததும், தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்குகிற மாதிரி மூன்று கோடு, விரல் அகலத்தில் பக்கத்துப் பக்கத்தில். தேய்த்துக் கரைத்துவிடாதீர்கள். ஓரத்தை மட்டும் தட்டி மெல்லிசாக்குங்கள். கையில் போட்டுப் பார்ப்பது வேண்டாம், கை வேறு நிறம்.

இருபது நிமிஷம் விடுங்கள். பிறகு ஜன்னலருகே ஒரு படம் எடுத்து, கைப்பேசியிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். கருப்பு வெள்ளையில் எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதன் கருமை சரி. அங்கே வெளிறித் தெரிகிற கோடு, அண்டர்டோன் எதுவானாலும், உங்களுக்கு வெளிர்தான். கருமை சரியாக இருந்து, வண்ணத்தில் மட்டும் கோடு தெரிந்தால் அது அண்டர்டோன் குறை. அண்டர்டோனை மட்டும் படத்தில் தீர்மானிக்காதீர்கள். கைப்பேசி தன் இஷ்டத்துக்கு மஞ்சளையும் நீலத்தையும் திருத்தும். அதைக் கண்ணாடியில் கை நீட்டும் தூரத்தில் நின்று கண்ணால் பாருங்கள்.

மஞ்சள்வெயில்
இருபது நிமிஷம் விடச் சொன்னது ஆக்சிடைஸ் ஆவதற்காகத்தானே? காற்று பட்டு இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி கருத்துப்போகும்.

நிறக்கலவை
கருத்துப்போவது உண்மை, காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. சிவப்பு, மஞ்சள் இரும்பு ஆக்சைடுகள் ஏற்கெனவே துருதான், அதற்கு மேல் துருப்பிடிக்க அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆவியாகிற திரவம் போனதும் பொடி அடர்த்தியாகிறது. முகத்து எண்ணெய் பொடியை நனைக்கிறது. காய்ந்த மண்ணைவிட நனைந்த மண் கருப்பாகத் தெரிவதைப் போல இதுவும் ஆழமாகத் தெரியும். எண்ணெய் வழிகிற தோலில் இருபது நிமிஷம் போதாது, மதியம் வரை வைத்துப் பாருங்கள்.

ஒப்பனைக்காரி
இதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பாட்டிலைத் திறந்து கோடு போட்ட நொடியில் முடிவெடுத்தால் எண்ணெய்த் தோல்காரர் எப்போதும் ஒரு படி கருப்பாகத்தான் வாங்குவார்.

கார்த்திகைப்பூ
செய்தாயிற்று. கருப்பு வெள்ளைப் படத்தில் முதல் கோடும் இரண்டாவது கோடும் வெளிறிப் பட்டையாகத் தெரிகின்றன, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. மூன்றாவது கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

வண்ணத்தில், கண்ணாடியில் பார்த்தால், முதல் கோடு அதே சாம்பல். இரண்டாவது வெளிர் மஞ்சள், மஞ்சள் பூசிக் கழுவின மாதிரி. மூன்றாவது கழுத்தோடு சேர்ந்துவிடுகிறது, ஆனால் கீழ் ஓரத்தில் லேசாக ஆரஞ்சு அடிக்கிறது. எண்ணெய்த் தோல் என்பதால் மதியம் வரை விட்டேன், ஆரஞ்சு கொஞ்சம் கூடியது.

மஞ்சள் பல்பின் கீழே போனதும் மூன்று கோடும் ஒன்றுபோலத் தெரிந்தன. இதைப் பார்த்தா இத்தனை நாள் முடிவெடுத்தோம் என்று இருந்தது.

நிறக்கலவை
தெளிவாகப் பிரித்துவிட்டீர்கள். உங்கள் பிரச்சினையில் பெரிய பங்கு கருமை, சிறிய பங்கு அண்டர்டோன். அண்டர்டோனை மட்டும் மாற்றி இரண்டாவதை வாங்கியிருந்தால் சாம்பலுக்குப் பதில் மஞ்சள் முகமூடி கிடைத்திருக்கும்.

மூன்றாவது கிட்டத்தட்ட சரி. அந்த ஆரஞ்சு, உங்கள் கழுத்தில் சிவப்பைவிடப் பச்சை ஓடுகிறது, அதாவது ஆலிவ் பக்கம் என்று நினைக்க வைக்கிறது. இரண்டு வழி இருக்கிறது. மூன்றாவதில் 2 பம்புக்கு உங்கள் பழைய நியூட்ரலில் அரை பம்ப் கலந்து பாருங்கள். இரண்டும் ஒரே வரிசை என்பதால் திரியாது. இது ஆரஞ்சைக் குறைக்கும், ஆனால் கொஞ்சம் வெளிறவும் செய்யும். வெளிறக் கூடாது என்றால் நீல மிக்ஸர், ஃபவுண்டேஷனில் கலப்பதற்கென்றே விற்கிற நீல நிறம். 2 பம்புக்கு குண்டூசித் தலை அளவு, அதற்கு மேல் முதலில் போகாதீர்கள். நீலம் ஆரஞ்சை அடக்கி ஆலிவ் பக்கம் இழுக்கும், கை தவறினால் திரும்ப சாம்பல்தான். உங்கள் ஃபவுண்டேஷன் சிலிக்கோன் வகையா நீர் வகையா என்று பார்த்து அதே வகை மிக்ஸர் எடுங்கள், இல்லையென்றால் திட்டுத் திட்டாகப் பிரியும்.

சாந்துப்பொட்டு
நீலத்தைப் போய் முகத்தில் கலப்பதா? பழைய நியூட்ரலே சாம்பல்தானே அடித்தது, அதுவும் கலந்தால் திரும்ப வராதா?

நிறக்கலவை
அரை பம்ப் அளவில் வராது என்றுதான் எதிர்பார்க்கிறேன். அதில் மஞ்சளும் சிவப்பும் குறைவு, இங்கே நமக்கு வேண்டியதும் அந்தக் குறைவுதான். ஆனால் கோடு போட்டுப் பார்க்காமல் முகம் முழுக்கப் பூச வேண்டாம்.

கார்த்திகைப்பூ
நீலம்தான் எனக்கு நன்றாக வந்தது. நியூட்ரல் கலந்தது ஜன்னலில் பரவாயில்லை, மேகமூட்டத்தில் நெற்றி திரும்ப வெளிறியது. குண்டூசித் தலை நீலத்தோடு ஜன்னல், மொட்டை மாடி, மஞ்சள் பல்பு மூன்றிலும் கழுத்தோடு ஒட்டுகிறது.

ஒரே ஒரு இடம் பாக்கி. அலுவலக ட்யூப்லைட்டில் முகம் தட்டையாக, லேசாகப் பச்சையாக இருக்கிறது. கழுத்து அப்படி இல்லை. பகலில் பொருந்தினால் எல்லா இடத்திலும் பொருந்தும் என்றீர்களே?

விளக்கடி
பழைய வகை ட்யூப்லைட்டா, எல்இடி ட்யூப்பா? பழைய மூவண்ணப் பாஸ்பர் ட்யூப் என்றால் காரணம் ஊகிக்க முடிகிறது. அதன் பச்சை ஒளி கிட்டத்தட்ட முழுவதும் 545 நானோமீட்டர் பக்கத்தில் ஒரே கூர்முனையாக நிற்கும். தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தம் பச்சையை அதிகமாக விழுங்குகிற இடங்களில் ஒன்று 542. மெல்லிய தோல் அந்தப் பச்சையை விழுங்குகிறது, அதனால் கழுத்து உயிரோடு தெரிகிறது. இரும்பு ஆக்சைடுக்கு அந்தப் பள்ளம் கிடையாது, அது பச்சையைத் திருப்பி அனுப்பிவிடும். பகலில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒளியைக் கையாளும் விதம் ஒன்றில்லை. பொடியும் ரத்தமும் வேறு வேறு, எந்த ஷேடு எடுத்தாலும் இது முழுசாகப் போகாது.

ஒப்பனைக்காரி
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். அவர் பகலில் எட்டு மணி நேரம் ட்யூப்லைட்டின் கீழ் இருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நீலம் கலந்தது அங்கே பச்சையைக் கூட்டிவிட்டது. அலுவலக நாளில் நீலத்தை விட்டுவிட்டு மூன்றாவதை அப்படியே மெல்லிசாகப் போடட்டும், கன்னத்தில் கொஞ்சம் செம்பழுப்பு ப்ளஷ் வைக்கட்டும். வெளியே லேசாக ஆரஞ்சு அடித்தால் அடிக்கட்டும், போகிற வழி அரை மணிதானே.

நிறக்கலவை
ப்ளஷ் யோசனை நல்லது, அது ட்யூப்லைட் எடுத்துக்கொண்ட சிவப்பைத் திருப்பிக் கொடுக்கும். மெல்லிசாகப் போடுவதும் சரி. அடர்த்தி குறையக் குறைய உங்கள் தோலே அடியிலிருந்து தெரியும், விளக்கு மாறும்போது அதுவும் சேர்ந்து மாறும். ஆனால் நீலத்தை விடுவதை ஏற்க மாட்டேன். மதியத்துக்குள் எண்ணெயில் அந்த ஆரஞ்சு இன்னும் ஏறும் என்று அவரே சொன்னார்.

ஒப்பனைக்காரி
ஏறினால் டிஷ்யூவில் ஒற்றி எடுக்கலாம். பச்சையை ஒற்றி எடுக்க முடியாது.

கார்த்திகைப்பூ
எல்இடி ட்யூப் இல்லை, பழையதுதான். இந்த வாரம் முகத்தின் ஒரு பக்கம் நீலத்தோடும் மறுபக்கம் நீலம் இல்லாமலும், இரண்டுக்கும் அதே ப்ளஷோடு போய், பக்கத்து இருக்கைக்காரியிடம் எந்தப் பக்கம் கழுத்தோடு ஒட்டுகிறது என்று கேட்கப் போகிறேன். எந்தப் பக்கத்தில் எது என்று அவளிடம் சொல்ல மாட்டேன். காலையில் ஒரு தடவை, மதியம் எண்ணெய் ஏறின பிறகு ஒரு தடவை.

புதுசு_இங்கே
ஒப்பனைக்காரி அக்கா, தாடை ஓரத்துக்கு எடுத்துப் பார்த்தேன், வாயைச் சுற்றி சாம்பல் போய்விட்டது. ஆனால் கன்னம் இப்போது கொஞ்சம் கருப்பாகத் தெரிகிறது. கன்னத்துக்கு மட்டும் வேறு ஷேடு போடலாமா?

ஒப்பனைக்காரி
போடலாம்மா. கன்னத்தின் நடுவில் மட்டும் அரைப் படி வெளிர், அதே அண்டர்டோனில். வெளிர் ஷேடு என்று கூல் பக்கம் போய்விடாதீர்கள். இரண்டும் சேருகிற இடத்தைப் பகலில் ஜன்னலருகே நின்று தட்டிக் கலந்துவிடுங்கள்.